கூரையின் இருட்டு எங்கிருந்து வருகிறது?

கணினியில் உருவாக்கிய கிராமத்து வீடுகளை இப்போது அசைபடங்களிலும் விளையாட்டுகளிலும் அடிக்கடி பார்க்கிறோம். மண்சுவரின் வெடிப்பு நம்பும்படி இருக்கிறது. திண்ணையில் வைத்த செம்பு மின்னுகிறது. முற்றத்துக் கோழியின் இறகுகூட அசைகிறது. ஆனால் பார்வை கூரைக்குப் போனதும் ஏதோ ஒன்று இடறுகிறது. வேய்ந்த கூரையின் கீழ் வளர்ந்தவர்களும், ஊருக்குப் போகும்போது மட்டும் அதைப் பார்த்தவர்களும் அந்த இடறலை ஒரே நொடியில் உணர்ந்துவிடுகிறார்கள். எது தவறு என்று கேட்டால் மட்டும் சொல்லத் தெரிவதில்லை.

நிதானமாகப் பார்த்தால் தவறு மூன்று இடங்களில் தென்படும். கூரையின் மேற்பரப்பில் கீற்றுகளின் வரிசை கோடுகளாகத் தெரிகிறது, அடுக்காகத் தெரியவில்லை. இறவாணத்தின் விளிம்பு கத்தரித்துவிட்டது மாதிரி நேராக ஓடுகிறது. அந்த விளிம்புக்குக் கீழே இருக்க வேண்டிய ஆழ்ந்த இருட்டுக்குப் பதிலாக ஒரு சாம்பல் பட்டை இருக்கிறது. உருவாக்கியவர் பெரும்பாலும் இந்த மூன்றையும் மூன்று தனி வேலைகளாகச் செய்திருப்பார்: கோட்டை இன்னும் அழுத்தமாக வரைவது, விளிம்பை இன்னும் கிழிப்பது, நிழலை இன்னும் கருப்பாக்குவது. எவ்வளவு செய்தாலும் கூரை உயிர் பெறாது. அடுக்கு, விளிம்பு, இருட்டு ஆகிய மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான் என்பதும், அந்தக் காரணத்தைக் கணினிக்குக் கொடுத்துவிட்டால் மூன்றும் தாமாகவே வரும் என்பதும்தான் இந்தக் கட்டுரையின் செய்தி.

முதலில், எளிய வழி ஏன் தோற்கிறது என்று பார்ப்போம். ஒரு கூரையின் புகைப்படத்தை எடுத்து, சாய்வான பலகை ஒன்றின்மீது ஒட்டுவதுதான் எளிய வழி. தட்டையாகத் தெரிகிறதே என்றால், 1978-இல் ஜேம்ஸ் பிளின் கண்டுபிடித்த உத்தி ஒன்று கைகொடுக்கும். பரப்பைத் தொடாமல், ஒளி எந்தத் திசையில் திரும்பும் என்ற கணக்கை மட்டும் இடத்துக்கு இடம் மாற்றினால், பரப்பு மேடுபள்ளமாகத் தோன்றும். இதைப் புடைப்புத் தோற்றம் என்று சொல்லலாம். ஆரஞ்சுப் பழத்தின் தோலுக்கும் சுவர்ப் பூச்சுக்கும் இது போதும். ஆனால் பலகை பலகையாகவே இருக்கிறது. வானத்தை ஒட்டிய அதன் ஓரம் நேர்கோடாகவே இருக்கும், தரையில் விழும் நிழலின் ஓரமும் நேர்கோடாகவே விழும். புடைப்பு பொய் என்பதை ஓரம் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்த படியாக, பரப்பை உண்மையிலேயே மேலும் கீழும் நகர்த்தலாம். ராபர்ட் குக் 1984-இல் இதற்கு வழி சொன்னார். ஓரமும் அப்போது மேடுபள்ளமாகும். கூரைக்கு இதுவும் முழுதாகப் போதாது என்பதற்கு நுட்பமான காரணம் ஒன்று உண்டு. இந்த முறையை வழக்கமாகப் பயன்படுத்தும்போது பலகையின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் உயரம் மட்டுமே இருக்கும். வேய்ந்த கூரையிலோ ஒரே இடத்தில் ஒரு கீற்று, அதன் கீழே காற்று, அதற்கும் கீழே இன்னொரு கீற்று என்று பல பரப்புகள் இருக்கின்றன. கீற்றின் நுனிக்கு அடியில் ஒரு வெற்றிடம் இருக்கிறது, அதற்குள் ஒளி நுழைய முடியாமல் திணறுகிறது. ஒற்றை உயரத்தால் அந்த வெற்றிடத்தைச் சொல்லவே முடியாது.

ஆகவே கூரை வேய்பவர் செய்வதைத்தான் நாமும் செய்ய வேண்டியிருக்கிறது. தென்னை மட்டையை நடுவே நெடுக்காகப் பிளந்து, நீரில் ஊறவைத்து, ஒரு பாதியின் ஓலைகளை ஒன்றுக்குள் ஒன்றாக முடைந்தால் ஒரு கீற்று. மட்டைப் பக்கம் மேலே, நுனிகள் கீழே தொங்கும்படி அதை வரிச்சில் கட்டுகிறார்கள். வேலை இறவாணத்தில் தொடங்கி முகட்டில் முடியும். மேல் கீற்றில் வழியும் மழை கீழ்க் கீற்றின் முதுகில் விழ வேண்டும் என்பதால் இந்த வரிசையை யாரும் மாற்றுவதில்லை.

ஒரு சிறிய வீட்டை எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். நீளம் 5 மீட்டர், அகலம் 3.5 மீட்டர், சுவரின் உயரம் 210 செ.மீ., கூரையின் சாய்வு 40 பாகை. கூரை சுவரைத் தாண்டி முன்னும் பின்னும் 75 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கிறது. முகட்டிலிருந்து இறவாணம் வரை சாய்வின் நீளம் ஏறக்குறைய 326 செ.மீ. வரும். கீற்று ஒன்றின் நீளம் 180 செ.மீ., மேலிருந்து கீழாக 45 செ.மீ. என்று கொள்வோம். ஒவ்வொரு வரிசையையும் முந்தைய வரிசைக்கு 15 செ.மீ. மேலே வைத்தால் 22 வரிசைகள் ஆகும். பக்கச் சுவர்களைத் தாண்டி இருபுறமும் அரை மீட்டர் நீட்டி, பக்கத்துக் கீற்றின்மேல் 30 செ.மீ. ஏற்றி வைத்தால் ஒரு வரிசைக்கு 4 கீற்று. ஒரு சாய்வுக்கு 88, இரண்டுக்கும் 176.

கணினிக்கு இது பெரிய எண்ணிக்கை இல்லை. முடைந்த கீற்றுகளில் ஐந்தாறு வகையை மட்டும் ஓலை ஓலையாக வடித்துவிட்டு, மற்ற இடங்களில் அவற்றையே திருப்பியும் சற்று வளைத்தும் நிறுத்தலாம். பிளெண்டர் போன்ற மென்பொருளில் நகல்கள் எல்லாம் ஒரே வடிவத்தைச் சுட்டிக்காட்டுவதால் நினைவகத்தில் இடம் பிடிப்பது அந்த ஐந்தாறு மட்டுமே. இங்கே பலர் செய்யும் தவறு, எல்லாக் கீற்றையும் கூரைச் சாய்வுக்கு இணையாக 40 பாகையில் படுக்க வைப்பது. அப்படி வைத்தால் மூன்று கீற்றுகள் ஒரே தளத்துக்குள் ஒன்றையொன்று ஊடுருவும். படத்தில் காரணமற்ற வரிகளும் மினுமினுப்பும் தோன்றினால் இதுதான் நடந்திருக்கிறது என்று கண்டுகொள்ளலாம்.

உண்மைக் கூரையில் ஒவ்வொரு கீற்றின் மேல்முனையும் வரிச்சின்மேல் இருக்கிறது, கீழ்முனையோ தனக்கு முன் வேய்ந்த இரண்டு கீற்றுகளின்மேல் உட்கார்ந்திருக்கிறது. ஒரு கீற்றின் தடிமன் ஒன்றரை செ.மீ. என்றால் கீழ்முனை 3 செ.மீ. தூக்கி நிற்கும். 45 செ.மீ. நீளத்தில் 3 செ.மீ. தூக்கல் என்பது ஏறக்குறைய 4 பாகை. அதாவது கூரை 40 பாகையில் சாய்ந்திருக்க, அதிலுள்ள கீற்று 36 பாகையில்தான் கிடக்கிறது. இந்த 4 பாகையைக் கொடுத்தவுடன் ஒவ்வொரு வரிசையின் கீழும் ஒன்றரை செ.மீ. படி ஒன்று உண்டாகிறது. நாம் அடுக்கு என்று கண்ணால் உணர்வது இந்தப் படியைத்தான்.

படி இருந்தால் மட்டும் போதாது, அது நிழல் தர வேண்டும். இங்கே பலரும் எதிர்பாராத ஒன்று நடக்கிறது. நம் வீடு தஞ்சாவூர்ப் பக்கம் இருக்கிறது, தை மாதத்தின் நடுப்பகுதி, நண்பகல் என்று வைத்துக்கொள்வோம். அப்போது சூரியன் தென்வானில் ஏறக்குறைய 60 பாகை உயரத்தில் இருக்கும். தெற்கு நோக்கிய கூரைச் சாய்வின்மீது வெயில் கிட்டத்தட்ட செங்குத்தாகவே விழுகிறது, வித்தியாசம் 10 பாகைதான். அப்போது ஒன்றரை செ.மீ. படி போடும் நிழலின் அகலம் 3 மில்லிமீட்டர்கூட இல்லை. முற்றத்தில் நிற்கும் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. அதே நேரத்தில் வடக்குச் சாய்வில் வெயில் முகட்டைத் தாண்டிச் சரிந்து வருகிறது. அங்கே அதே படியின் நிழல் 4 செ.மீ. அகலம். வெளியே தெரியும் ஒவ்வொரு 15 செ.மீ. பட்டையிலும் கால் பங்குக்கு மேல் நிழலாகிவிடுகிறது. ஒரே கூரை, ஒரே நொடி. ஒரு பக்கம் மொழுமொழுவென்று, மறுபக்கம் வரிவரியாக.

அடுக்கு தெரியவில்லையே என்று கோடுகளை அழுத்தி வரைகிறவர் செய்ய வேண்டியது சூரியனை நகர்த்துவதுதான். காலை ஏழு மணி வெயிலைப் பக்கவாட்டில் கொண்டுவந்து பார்த்தால், மேடாக நிற்கும் ஒவ்வொரு ஓலையும் தன் நிழலைத் தானே போட்டுக்கொள்ளும். தெற்குச் சாய்வை நண்பகலில்தான் காட்ட வேண்டும் என்றால், அது தட்டையாகத் தெரிவதே சரி என்று ஏற்றுக்கொள்ள வேண்டும். அதன்மேல் கருங்கோடு வரைந்தால் கூரை பொய்யாகிவிடும்.

இனி விளிம்பு. கீற்றின் கீழ் ஓரத்தில் தொங்கும் நுனிகள் நீளத்தில் மாறுபடுகின்றன. சரி, ஒவ்வொரு நுனிக்கும் கணினியிடம் ஓர் எழுந்தமான எண்ணைக் கேட்டு நீளத்தை மாற்றினால் ஆயிற்று என்று தோன்றும். செய்து பார்த்தால் விளிம்பு முழுவதும் ஒரே அளவில் சிலிர்த்து நிற்கும். எங்கு பார்த்தாலும் ஒரே வகைக் குழப்பம். குழப்பம் சீராக இருப்பதைக் கண் உடனே கண்டுபிடித்துவிடும். உண்மையான இறவாணத்தில் அண்டை நுனிகளுக்கிடையே உறவு இருக்கிறது. காற்று ஓரிடத்தில் பத்து நுனிகளைச் சேர்த்து முறிக்கிறது. வாசலுக்கு மேலே, ஆட்களின் தலை உரசும் இடத்தில் ஓலை தேய்ந்து குட்டையாகிறது. மூங்கில் கழி நடுவில் தொய்ந்த இடத்தில் விளிம்பு முழுவதுமே இறங்குகிறது.

இந்த உறவைக் கணினிக்குள் கொண்டுவந்தவர் கென் பெர்லின். 1982-இல் வெளியான டிரான் திரைப்படத்துக்கு வேலை செய்தபோது, கணினிப் படங்களின் எந்திரத்தனமான சுத்தம் அவருக்குப் பிடிக்கவில்லை. அதிலிருந்து அவர் உருவாக்கி 1985-இல் வெளியிட்ட முறையில், பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு ஏறக்குறைய ஒத்த எண்களும், தூரத்துப் புள்ளிகளுக்குத் தொடர்பற்ற எண்களும் கிடைக்கும். அலையலையான இந்த எழுந்தமானத்துக்காக அவருக்கு 1997-இல் ஆஸ்கர் அமைப்பின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. இதையே நம் இறவாணத்தில் மூன்று அளவுகளில் பயன்படுத்தலாம். இரண்டு மூன்று மீட்டருக்கு ஒரு முறை மெல்ல ஏறி இறங்கும் அலை, கழிகளின் தொய்வு. கீற்றுக்குக் கீற்று மாறும் சிறு திருப்பம், கட்டியவரின் கை. ஓலைக்கு ஓலை மாறும் நீளம், காற்றும் மழையும். மூன்றாவது மட்டும் இருந்தால் விளிம்பு சிலிர்ப்பாகத் தெரியும். முதலிரண்டும் சேரும்போதுதான் அது ஒரு வீட்டின் விளிம்பாகிறது.

விளிம்பில் செய்த வேலை விளிம்போடு நிற்பதில்லை. நம் வீட்டின் இறவாணம் தரையிலிருந்து 147 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, 210 செ.மீ. சுவரிலிருந்து 75 செ.மீ. நீண்டு வருவதற்குள் சாய்வு அதை 63 செ.மீ. கீழே இறக்கிவிட்டது. குனிந்துதான் உள்ளே போக வேண்டும். தை நண்பகலில் இறவாணத்தின் நிழல் தென்சுவரில் 130 செ.மீ. கீழே இறங்கி விழுகிறது. வெயில் படுவது சுவரின் அடியில் 17 செ.மீ. மட்டும். இப்போது ஒரு நுனி மற்றவற்றைவிட 8 செ.மீ. நீண்டிருக்கிறது என்றால், அது வெளியேயும் கீழேயும் ஒருசேர நகர்வதால், சுவரில் அதன் நிழல் ஏறக்குறைய 16 செ.மீ. இறங்கிவிடும். அந்த நுனி மட்டுமே வெயில் பட்டையின் அடிவரை நிழல் விரலை நீட்டும். விளிம்பின் கிழிசலைச் சுவர் இரட்டிப்பாக்கிக் காட்டுகிறது. விளிம்பு நேராக இருக்கும் வீட்டில் சுவர் நிழலும் நேராக விழுந்து அதே பொய்யை மறுபடி சொல்வது இதனால்தான்.

அந்த நிழலின் ஓரம் கூர்மையாகவும் இருக்கக் கூடாது. சூரியன் ஒரு புள்ளி இல்லை. வானத்தில் அதன் வட்டம் அரைப் பாகைக்குச் சற்றே கூடுதலான அகலம் கொண்டது. ஓலை நுனியிலிருந்து சுவர்வரை ஒளி கடக்கும் தூரம் நம் கணக்கில் ஒன்றரை மீட்டர். அந்தத் தூரத்தில் நிழலின் ஓரம் 1.4 செ.மீ. அளவுக்கு மங்கும். ஓலையின் நடுப்பகுதி அதைவிட அகலமானது, எனவே அதன் நிழல் நிலைக்கிறது. நுனியோ கூம்பிப்போவதால் அதன் நிழல் கரைந்துவிடுகிறது. பிளெண்டரில் சூரிய விளக்கின் `Angle` என்ற அளவு இதற்குத்தான். அதை 0.53 பாகையில் விட்டுவிட வேண்டும். பூஜ்யம் ஆக்கினால் ஒவ்வொரு நுனியும் ஊசியாகக் கீறும்.

இதே அளவைச் சோதிக்க வீட்டுக்குள்ளேயே ஒரு வழி இருக்கிறது. பழைய கூரையின் பொத்தல்கள் வழியே உள்ளே விழும் வெயில் பொட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். பொத்தல் எந்தக் கோணல் வடிவத்தில் இருந்தாலும் தரையில் விழும் பொட்டு வட்டமாகவோ நீள்வட்டமாகவோதான் இருக்கும், ஏனெனில் சிறிய பொத்தல் வழியே விழுவது சூரியனின் உருவம். ஒளி 3 மீட்டர் கடந்து வந்தால் பொட்டின் குறுக்களவு ஏறக்குறைய 2.8 செ.மீ. உங்கள் கணினி வீட்டின் தரையில் பொட்டு வட்டமாக விழுந்தால் சூரியன் சரி. பொத்தலின் கோணல் அப்படியே தரையில் தெரிந்தால், சூரியன் புள்ளியாகச் சுருங்கியிருக்கிறது.

இப்போது கடினமான பகுதிக்கு வருவோம்: இறவாணத்துக்கு அடியிலுள்ள இருட்டு. நேர் வெயில் அங்கே இல்லை என்பது தெரிந்ததுதான். ஆனால் அங்கே எவ்வளவு இருட்டு, என்ன நிறத்து இருட்டு, எங்கே அதிகம்?

சுவரில் ஊர்ந்துபோகும் ஓர் எறும்பாக நம்மை நினைத்துக்கொள்வோம். எறும்பு நின்ற இடத்திலிருந்து வெளியே பார்க்கிறது. எவ்வளவு வானம் தெரிகிறதோ அவ்வளவு ஒளி அந்த இடத்துக்கு வருகிறது. சுவரின் அடியில் நிற்கும்போது, தொடுவானத்திலிருந்து இறவாணம்வரை 63 பாகை உயரத்துக்கு வானம் தெரிகிறது. மேலே ஏற ஏற இறவாணம் பார்வைக்குள் இறங்கி வந்து வானத்தைச் சுருக்குகிறது. எறும்பு 147 செ.மீ. உயரத்தை எட்டும்போது இறவாணம் அதன் கண்மட்டத்துக்கு வந்துவிடுகிறது, வானம் முழுதும் மறைகிறது. அதற்கு மேலே உள்ள 63 செ.மீ. சுவரில் எங்கு நின்றாலும் ஒரு துளி வானம்கூடத் தெரியாது. தெரிவதெல்லாம் முற்றத்து மண்ணும் கூரையின் உட்புறமும்தான்.

இதுதான் அந்த ஆழ்ந்த நிழலின் அமைப்பு. அது சுவரின் அடியில் வெளுத்து, மேலே போகப்போக அடர்ந்து, இறவாணத்தின் மட்டத்துக்கு மேலே தன் இயல்பையே மாற்றிக்கொள்கிறது. கீழ்ப்பகுதிக்கு ஒளி தருவது வானம், அதனால் அங்கே நிழலில் கொஞ்சம் நீலம் இருக்கும். மேல்பகுதிக்கு விளக்கு, வெயில் விழுந்த முற்றம். காய்ந்த மண் தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும். செம்மண் தரையானால் அந்த ஒளி செம்மை கலந்தது. அது கீழிருந்து மேலே போய்க் கூரையின் உட்புறத்தையும் கைமரங்களின் அடிப்பக்கத்தையும் மங்கலாகத் தொடுகிறது. நிழலைக் கருப்பு வண்ணத்தால் நிரப்புகிறவர் இழப்பது இந்தக் கதகதப்பைத்தான். படத்தின் சட்டகத்துக்கு வெளியே முற்றம் தெரியாது என்பதால் தரையை வெட்டிவிடுகிறவர்களும் இதையே இழக்கிறார்கள். தரை படத்தில் தெரியாவிட்டாலும் வீட்டின் முன்னே சில மீட்டராவது இருக்க வேண்டும். கூரையின் அடிப்பகுதிக்கு இருக்கும் ஒரே விளக்கு அது.

ஒளி இப்படித்தான் ஒரு பரப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது, கணினி கணக்கிடுவதும் இதேதான் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறோம்? அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1980-களில் இதைச் சோதித்தார்கள். வண்ணச் சுவர்கள் கொண்ட பெட்டி ஒன்றைச் செய்தார்கள். அதே அளவு, அதே வண்ணம், அதே விளக்கோடு கணினியிலும் ஒன்றை உருவாக்கினார்கள். சிவப்புச் சுவருக்குப் பக்கத்தில் வெள்ளைப் பரப்பு இளஞ்சிவப்பாக மாறுவது இரண்டிலும் தெரிந்தது. 1986-இல் வெளியான ஆய்வில், உண்மைப் பெட்டியையும் கணினிப் படத்தையும் கேமராக்களின் பின்கண்ணாடியில் அருகருகே விழச் செய்து பார்வையாளர்களிடம் காட்டினார்கள். எது உண்மை என்ற கேள்விக்கு அவர்கள் தந்த விடைகள், கண்ணை மூடிக்கொண்டு ஊகித்திருந்தால் கிடைத்திருப்பதைவிடப் பெரிதாக மேம்படவில்லை. அதே 1986-இல் ஜேம்ஸ் கஜியா, ஒளியின் எல்லாத் தாவல்களையும் ஒரே விதிக்குள் அடக்கி, கேமராவிலிருந்து கதிர்களைப் பின்னோக்கி அனுப்பி அந்த விதியைத் தீர்க்கும் வழியையும் சொன்னார். இன்றைக்குத் திரைப்படங்களில் பயன்படும் ஒளித்தடக் கணக்கின் வேர் அதுதான்.

அந்தக் கணக்குக்கு அன்றைய கணினிகள் போதவில்லை. எனவே எறும்பின் கேள்வியை மட்டும் தனியே எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் எவ்வளவு வானம் மறைந்திருக்கிறது என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு, அந்த அளவுக்கு நிறத்தை இருட்டாக்குவது. இந்த வான்மறைப்புக் கணக்கை ஐ.எல்.எம். நிறுவனம் 2001-இல் பேர்ல் ஹார்பர் படத்தில் பயன்படுத்தியது, 2002-இல் ஹேடன் லாண்டிஸ் அதை மற்றவர்களுக்கு விளக்கினார். விளையாட்டுகளில் இன்றும் இது வாழ்கிறது. ஆனால் முற்றத்திலிருந்து திரும்பி வரும் ஒளி இதில் கிடையாது என்பதை மறக்கக் கூடாது. இறவாணத்தின் அடியில் இது தரும் இருட்டு எப்போதும் கூடுதல் கருப்பாகவும் நிறமற்றும் இருக்கும்.

ஓலை வழியே ஊடுருவும் ஒளியையும் கவனிக்க வேண்டும். காய்ந்த ஓலை முழுக்க ஒளியை மறைப்பதில்லை. ஓர் அடுக்கு ஐந்தில் ஒரு பங்கை விடுகிறது என்று கொள்வோம். நம் கூரையில் இறவாணத்தின் கடைசி 15 செ.மீ.க்கு ஒரே அடுக்குதான் இருக்கிறது, அடுத்த 15 செ.மீ.க்கு இரண்டு, அதற்கு மேலே எல்லா இடத்திலும் மூன்று. ஆகவே விளிம்பில் ஐந்தில் ஒரு பங்கு ஒளி கசிகிறது, அதற்கு மேலே 25-இல் ஒரு பங்கு, அதற்கும் மேலே 125-இல் ஒரு பங்கு. திண்ணையில் படுத்து மேலே பார்ப்பவருக்கு விளிம்போரம் 15 செ.மீ. அகலத்துக்குப் பொன்னிறமாக ஒளிர்ந்து, சட்டென்று இருண்டுபோவது இதனால். பிளெண்டரில் ஓலையின் பரப்பில் `Translucent BSDF` என்பதைக் கொஞ்சம் கலந்தால் இது வந்துவிடும். அடுக்கைச் சரியாக வேய்ந்தவருக்கு இந்த இருட்டுச் சரிவை வரைய வேண்டிய வேலையே இல்லை.

பொய் இருட்டு இரண்டு வழிகளில் நுழையும், இரண்டையும் கண்டுபிடிக்கலாம். சிலர் வான்மறைப்பைக் கணக்கிட்டு ஓலையின் நிறத்திலேயே பதித்துவிட்டு, பிறகு ஒளித்தட முறையில் படத்தைத் தயாரிப்பார்கள். ஒரே நிழல் இரண்டு முறை கழிக்கப்படும். வெயிலில் நிற்கும் ஓலையின் இடுக்குகளும் அழுக்காகத் தெரிந்தால் இது நடந்திருக்கிறது. சூரியனை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் அந்த அழுக்கு இடம் மாறாது என்பது உறுதியான அடையாளம்.

இரண்டாவது இன்னும் மறைவானது. ஓலைகளை வடிக்காமல், கீற்றின் புகைப்படத்தை ஒரு தாளில் ஒட்டி, இடைவெளிகளை மட்டும் ஊடுதெரியும்படி வெட்டிவிடும் பழக்கம் உண்டு. கதிர் அத்தகைய இடைவெளி ஒவ்வொன்றையும் கடக்கும்போது பிளெண்டரின் சைக்கிள்ஸ் கணிப்பான் அதை எண்ணிக்கொண்டே வரும். `Transparent` என்ற வரம்பை மாற்றாமல் விட்டால் அது 8. இறவாணத்தை ஓரமாக நின்று பார்க்கும் கோணத்தில் ஒரு கதிர் பத்துப் பதினைந்து தாள்களைக் கடக்க நேரும். எட்டைத் தாண்டியதும் கணக்கு நின்று, அந்த இடம் கருப்பாகிவிடும். ஆழ்ந்த நிழல் நன்றாக வந்திருக்கிறது என்று நாமும் மகிழ்ந்துபோவோம். அந்த வரம்பை 64-க்கு உயர்த்தி மறுபடி பாருங்கள். கருப்பு விலகிப் பின்னாலுள்ள வானம் தெரிந்தால் அது நிழல் இல்லை, கைவிடப்பட்ட கணக்கு. அசையாமல் இருந்தால் அது உண்மை இருட்டு.

வான்மறைப்புக் கணக்குக்கு நல்ல பயன் ஒன்று மிச்சமிருக்கிறது. வெயிலும் மழையும் படும் ஓலை சில மாதங்களில் பழுப்பிலிருந்து சாம்பலுக்கு மாறுகிறது, மேல் கீற்றால் மூடப்பட்ட பகுதி பழுப்பாகவே இருக்கிறது. ஆகவே வானம் அதிகம் தெரியும் இடங்களுக்குச் சாம்பலையும் மறைந்த இடங்களுக்குப் பழுப்பையும் கொடுக்க இந்தக் கணக்கையே வழிகாட்டியாக வைக்கலாம். இருட்டாக்கக் கூடாது, நிறத்தை மட்டும் மாற்ற வேண்டும். உட்புறத்தில், அடுப்புக்கு மேலே, புகை படிந்த கருமையை இது தராது. அதைத் தனியாகத்தான் பூச வேண்டும்.

பனையோலைக் கூரைக்கு இந்தக் கணக்குகளில் எண்கள் மாறும். ஓலை விசிறியாக விரிந்து, மடிப்புகளோடு இருப்பதால் படியின் தடிமனும் நுனியின் வடிவமும் வேறு. ஆனால் வேயும் வரிசையும் ஒளியின் வழியும் அதேதான்.

குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்கும் கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 2030-க்குள் குடிசையில்லாத் தமிழ்நாடு என்ற இலக்கோடு 2024-இல் தொடங்கியிருக்கிறது. ஆண்டுதோறும் ஓலை மாற்றி, மழைக்கும் நெருப்புக்கும் அஞ்சி வாழ்ந்தவர்களுக்கு அது தேவையான மாற்றம். நாளைக்கு இந்த வீடுகளைத் திரையில் காட்டப்போகிறவர்களுக்கோ, இன்று எடுத்துவைக்கும் அளவுகள்தான் மிஞ்சும். உங்கள் ஊரில் வேய்ந்த வீடு இருந்தால், வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு மூன்று படங்கள் எடுங்கள்: இறவாணத்தைப் பக்கவாட்டிலிருந்து அடுக்கு தெரியும்படி ஒன்று, தரையில் படுத்துக் கூரையின் உட்புறத்தை ஒன்று, சுவரில் விழும் நிழலின் ஓரத்தை ஒன்று. ஒவ்வொன்றிலும் ஓர் அளவுகோல் தெரியட்டும். நேரத்தையும் சுவர் நோக்கும் திசையையும் படத்தோடு எழுதி வையுங்கள்.